‘உளமார்ந்த நன்றி’ ஏன் உள்ளத்தில் தங்குவதில்லை?



தோட்டத்தில் ஒரு சாவு நடந்தால், கருமாதிக்கு முன்பு கார்ட் அடிப்பது இப்போது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அந்தக் கார்டின் அடியில் ஒரு நன்றியும் இருக்கும். அது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: “எமது தந்தையாரின் மறைவுச் செய்தி கேட்டு நேரில் வந்தும் தொலைபேசி மூலமும் அனுதாபம் தெரிவித்தோருக்கும், மலர்வளையம் சாத்தியோருக்கும், இறுதிக் கிரியைகளில் கலந்துகொண்டோருக்கும், மற்றும் பல வழிகளிலும் உதவி புரிந்த அனைத்து நல்லுள்ளங்களுக்கும் எமது உளமார்ந்த நன்றிகள்.”

இதை யாரும் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால், பெட்டி வாங்க ராத்திரியே டவுனுக்குப் போனவர் இதை வாசித்தால் என்ன நினைப்பார்? மழையில் நின்று குழி வெட்டிய பொடியன்கள் வாசித்தால்? மூன்று நாளும் சாவு வீட்டுக்காரருக்குச் சமைத்துக் கொடுத்த பக்கத்துக் காம்பிரா அக்கா வாசித்தால்? அவர்கள் எல்லோரும் “பல வழிகளிலும் உதவி புரிந்த” என்ற நாலு சொல்லுக்குள் அடங்கிவிட்டார்கள். வாசலோடு வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனவருக்கும் அதே நன்றிதான், மூன்று நாள் தூங்காதவருக்கும் அதே நன்றிதான். கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் மனதில் ஒன்றும் பதியாது. கார்டை மடித்து ஜன்னல் ஓரத்தில் வைத்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

நலன்புரி வேலையில் இருப்பதால் இப்படியான நன்றிகளை எழுதித் தரும்படி நம்மிடம் பலர் கேட்கிறார்கள். கருமாதிக் கார்ட், ஓய்வு பெறுகிறவருக்குப் பிரியாவிடை மடல், கொழும்பில் வேலை செய்யும் மகன் அம்மாவுக்கு அனுப்பும் நாலு வரிச் செய்தி என்று பல விதம். கேட்கிறவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: “ஐயா, கொஞ்சம் நல்ல வார்த்தையா போட்டு எழுதுங்க.” ஆகவே, நல்ல வார்த்தை போட்டால் நன்றி நிஜமாகத் தெரியுமா என்பதை இந்த முறை பார்ப்போம்.

வார்த்தையைக் கூட்டினால் கூடுமா?

வெறும் ‘நன்றி’ போதாது என்று தோன்றும்போது நாம் அதற்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்க்கிறோம். ‘உளமார்ந்த நன்றி’ ஆகிறது. அதுவும் போதாவிட்டால் ‘இதயம் கனிந்த நன்றி’. அதற்கும் மேலே போனால் ‘சிரம் தாழ்த்திய நன்றி’. சொல் பெரிதாகிக்கொண்டே போகிறது, ஆனால் வாசிக்கிறவருக்குப் புதிதாக ஒன்றும் தெரிய வருவதில்லை. ஏனென்றால் இந்தச் சொற்கள் எல்லாம் எழுதியவரின் உள்ளத்தைப் பற்றியவை. செய்தவர் என்ன செய்தார் என்பது இவற்றில் எங்கேயும் இல்லை.

இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. எழுதிய நன்றியில் உள்ள பெயரை எடுத்துவிட்டு, இன்னொருவர் பெயரைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் அது பொருந்தினால், அது யாருக்கும் உரிய நன்றி அல்ல. பெயரை மாற்றினால் பொய்யாகிப் போகிற நன்றிதான் அந்த ஒருவருக்கு உரியது. மேலே சொன்ன கார்டை மலைநாட்டின் எந்தத் தோட்டத்துக்கும், எந்தக் குடும்பத்துக்கும், எந்த வருடத்துக்கும் கொடுக்கலாம். அதனால்தான் அது வெறுமையாக ஒலிக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. நாம் வாயால் பேசும்போது இப்படிப் பேசுவதே இல்லை. லயத்தில் யாரும் பக்கத்து வீட்டு அத்தையைப் பார்த்து “உங்களுக்கு எனது நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்” என்று சொல்வதில்லை. சொன்னால், “என்னடி, கூட்டத்துல பேசுற மாதிரி பேசுற?” என்று சிரிப்பார்கள். சொந்தபந்தத்துக்குள் ‘நன்றி’ என்ற சொல்லே நம் வாயில் அதிகம் வராது. அதற்குப் பதிலாக நாம் நடந்ததைச் சொல்கிறோம். “அன்னைக்கு நீங்க மட்டும் புள்ளையத் தூக்கிக்கிட்டு டிஸ்பென்சரிக்கு ஓடலைன்னா என்ன ஆகியிருக்கும்?” என்கிறோம். இதுதான் நம்முடைய நன்றி. இதில் நன்றி என்ற சொல் இல்லை, ஆனால் கேட்ட அத்தைக்குக் கண் கலங்கும். பேனையைக் கையில் எடுத்தவுடன் இந்த நல்ல பழக்கத்தை விட்டுவிட்டு, பத்திரிகையில் பார்த்த வசனத்தைப் பிடித்துக்கொள்கிறோம்.

பழைய தமிழில் நன்றி என்றால் என்ன?

திருக்குறளின் 11ஆம் அதிகாரத்துக்குப் பெயர் ‘செய்ந்நன்றி அறிதல்’. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். இதில் ‘நன்றி’ என்பது நாம் இப்போது சொல்லும் ‘தேங்க்ஸ்’ அல்ல. பழைய தமிழில் நன்றி என்றால் நன்மை. செய்ந்நன்றி என்றால் ஒருவர் செய்த நன்மை. அதை அறிதல் என்பதுதான் தலைப்பு. அதாவது, அவர் செய்தது என்ன என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருக்கிறது என்று அவருக்குக் காட்டுவதே நன்றி சொல்வது.

அந்த அதிகாரத்தின் முதல் மூன்று குறள்களும் உதவியை மூன்று விதமாகப் பார்க்கின்றன. நாம் முன்பு ஒன்றும் செய்யாதிருந்தும் ஒருவர் செய்த உதவி ஒன்று. தேவையான நேரத்தில் வந்த உதவி ஒன்று. திரும்ப என்ன கிடைக்கும் என்று கணக்குப் பார்க்காமல் செய்த உதவி ஒன்று. நன்றி எழுத உட்காரும்போது இவற்றையே மூன்று கேள்வியாக நாம் வைத்துக்கொள்ளலாம். அவருக்கு இதைச் செய்ய வேண்டிய கடமை இருந்ததா? எந்த நேரத்தில் செய்தார்? அதனால் அவருக்கு என்ன இழப்பு அல்லது சிரமம்? இந்த மூன்றில் ஏதாவது ஒன்றுக்கு வரும் பதில்தான் நாம் தேடும் விபரம்.

ஓர் உதாரணம்

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஜூன் மாதம், தென்மேற்கு மழை விடாமல் பெய்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு அடைக்கிறது. லயத்துக்கு வாகனம் வராது, ரோட்டுக்கு இறங்க வேண்டும். பக்கத்துக் காம்பிரா மாமா டோர்ச்சை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய், ஓர் ஆட்டோக்காரரைத் தட்டி எழுப்பிக் கூட்டி வருகிறார். பிறகு நாலு பேரைச் சேர்த்து, நாற்காலியில் வைத்து அப்பாவைக் கீழே தூக்கிப் போகிறார். ஆஸ்பத்திரியிலும் விடியும்வரை நிற்கிறார். இரண்டு நாள் கழித்து அப்பா இறந்துவிடுகிறார். சாவு வீட்டில் படங்கு கட்டியதும் அந்த மாமாதான். அந்த வாரத்தில் அவருக்கு மூன்று பேர் இல்லாமல் போனது, அதாவது மூன்று நாள் சம்பளம்.

கருமாதி முடிந்து மகள் அவருக்குப் போனில் ஒரு செய்தி அனுப்ப நினைக்கிறாள். முதலில் இப்படி எழுதுகிறாள்:

“மாமா, எங்க அப்பாவுக்கு நீங்க செய்த எல்லா உதவிக்கும் ரொம்ப ரொம்ப நன்றி.”

பெயரை மாற்றிப் பாருங்கள். மாமா என்பதை அத்தை என்று மாற்றினாலும் பொருந்தும், தலைவர் என்று மாற்றினாலும் பொருந்தும். இப்போது நம் மூன்று கேள்வியையும் கேட்போம். கடமை இருந்ததா? இல்லை, அவர் பக்கத்துக் காம்பிராக்காரர், அவ்வளவுதான். எந்த நேரம்? ராத்திரி இரண்டு மணி, மழை. என்ன இழப்பு? மூன்று நாள் சம்பளம். விபரம் நிறையவே இருக்கிறது. எல்லாவற்றையும் எழுதினால் அது நற்சான்றுப் பத்திரம் மாதிரி ஆகிவிடும். ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். எதை எடுப்பது? அந்த வீட்டுக்காரர் மனதில் படம்போல நிற்பது எதுவோ அதை. மகளைக் கேட்டால் அவள் யோசிக்காமலே சொல்வாள்: “மாமா டோர்ச் அடிச்சிக்கிட்டு இறங்கிப் போனது இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.” அதையே எழுதச் சொல்வோம்:

“மாமா, அன்னைக்கு ராத்திரி மழையில நீங்க டோர்ச் அடிச்சிக்கிட்டு ரோட்டுக்கு இறங்கிப் போனீங்க. அதனாலதான் அப்பாவ உயிரோட ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முடிஞ்சது. நாங்க மறக்க மாட்டோம்.”

இதில் உளமார்ந்த என்ற சொல் இல்லை, நன்றி என்ற சொல்லும் இல்லை. ஆனால் இது அந்த ஒருவருக்கு மட்டுமே பொருந்தும். மூன்று வசனத்தையும் கவனியுங்கள். முதலாவது, அவர் என்ன செய்தார். இரண்டாவது, அதனால் என்ன நடந்தது. மூன்றாவது, நம் மனநிலை. பெரும்பாலானவர்கள் மூன்றாவதை மட்டும் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். முதல் இரண்டும் இருந்தால் மூன்றாவதை எவ்வளவு சின்னதாக எழுதினாலும் போதும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அப்பா பிழைக்கவில்லை. ஆகவே “உங்களால் அப்பா காப்பாற்றப்பட்டார்” என்று எழுத முடியாது, எழுதினால் அது பொய். ஆனால் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனது உண்மை. அந்த உண்மை மாமாவுக்கும் தேவை. “நான் இறங்கிப் போனது வீணாப் போச்சே” என்று அவர் மனதில் இருக்கலாம். அது வீணாகவில்லை என்று அந்தக் குடும்பமே சொல்லும்போது, அவருக்குக் கிடைக்கும் ஆறுதலை எந்தப் பெரிய சொல்லும் கொடுக்காது.

விபரம் எங்கே பிழைக்கும்?

விபரம் எழுதினால் மட்டும் போதாது, அது சரியாக இருக்க வேண்டும். குழி வெட்டியவரைப் பார்த்து “நீங்கள் சமைத்துப் போட்டதை மறக்க மாட்டோம்” என்று எழுதினால், வெறும் நன்றியைவிட அது மோசம். யார் செய்தார் என்றே தெரியாமல் எழுதியிருக்கிறார்கள் என்பது அம்பலமாகும். சாவு வீட்டுக் குழப்பத்தில் வீட்டுக்காரருக்குப் பல விஷயம் தெரியாமல் போவது இயற்கை. ஆகவே எழுதுவதற்கு முன் மரண உதவிச் சங்கத்துக்காரரையோ, கூடவே நின்ற ஒருவரையோ கேட்டு உறுதி செய்யுங்கள்.

இரண்டாவது, எல்லா விபரமும் எல்லோருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஒருவர் ரகசியமாகக் கையில் பணம் கொடுத்திருப்பார். கார்டில் அவர் பெயரையும் தொகையையும் அச்சடித்தால் அவருக்குக் கூச்சம், கொடுக்க முடியாத மற்றவருக்கு வருத்தம். குடிக்காமல் இருக்க உதவினார், கடனை அடைக்க உதவினார் என்பது போன்றவையும் அப்படித்தான். இவற்றை நேரில் சொல்லலாம், அவருக்கு மட்டும் அனுப்பலாம். ஊர் முன் சொல்லும் நன்றியில், அவர் ஊர் முன் செய்ததை மட்டும் சொல்லுங்கள்.

மூன்றாவது, நன்றியோடு சேர்த்து அடுத்த உதவியைக் கேட்காதீர்கள். “போன முறை பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கு உதவினீர்கள், மிக்க நன்றி, இம்முறையும் எதிர்பார்க்கிறோம்” என்று ஒரே கடிதத்தில் எழுதுவதைப் பார்க்கிறோம். வாசிப்பவருக்கு முதல் பாதி மறந்துபோகும், இரண்டாவது பாதிதான் நிற்கும். கேட்க வேண்டியது இருந்தால் வேறு நாளில் கேட்கலாம்.

மேலேயிருந்து வரும் நன்றி

இதுவரை நமக்குள் சொல்லும் நன்றியைப் பேசினோம். நமக்குச் சொல்லப்படும் நன்றியும் இருக்கிறது. “தோட்டத் தொழிலாளர் இந்த நாட்டின் முதுகெலும்பு” என்பதை எத்தனை மேடையில் கேட்டிருப்போம்? கேட்டுக் கேட்டு, அந்தச் சொல் வரும்போது வெற்றிலை மடிக்கத் தொடங்குகிறோம். அதே நேரம், 2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் திகதி தொடங்கி ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது. மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்த 200 வருட நினைவாக, நம் முன்னோர் நடந்து வந்த வழியை நினைத்து மக்கள் நடந்தார்கள். அது மனதைத் தொட்டதற்குக் காரணம் இருக்கிறது. முதுகெலும்பு என்று சொல்பவர் எதையும் பார்க்க வேண்டியதில்லை. நடந்தவர்கள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு உள்ள தூரத்தைக் காலால் அறிந்தார்கள்.

பிரியாவிடையிலும் இதே வித்தியாசம்தான். ஓய்வு பெறும் ஒரு கொழுந்துக்காரிக்கு மடல் வாசிக்கிறார்கள்: “தோட்டத்தின் முன்னேற்றத்துக்காக அயராது உழைத்த தங்களுக்கு…” இதைத் திருத்த அதிக நேரம் வேண்டாம். எந்த வருடம் பேர் பதிந்தார் என்பதைச் செக்ரோல் பார்த்து எடுக்கலாம். மற்றதைக் கங்காணியையும், பக்கத்து நிரையில் நின்று கொழுந்து எடுத்தவரையும் கேட்க வேண்டும். உதாரணமாக அவர்கள் சொல்வார்கள்: “புதுசா வர்ற புள்ளைங்கள அந்த அக்கா பக்கத்துலதான் நிறுத்துவோம். மட்டக்கம்பு வெச்சு மட்டம் பார்த்து எடுக்க அவங்கதான் கத்துக் கொடுத்தாங்க.” இந்த ஒரு விஷயத்தை மடலில் சேர்த்து, அவரிடம் பழகியவர்களை எழுந்து நிற்கச் சொன்னால் போதும். மாலையும் சால்வையும் அதற்குப் பிறகுதான்.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. சேர வேண்டியது சேராவிட்டால், எவ்வளவு நல்ல விபரம் போட்ட நன்றியும் ஏமாற்றுப் போலத்தான் தெரியும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடமும் அதற்கு மேலும் வேலை செய்த தொழிலாளிக்கு, அவர் நாட்சம்பளக்காரர் என்றால், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை கொடுக்க வேண்டும். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அந்தப் பணம் வராமல் வரும் வாழ்த்து மடலைத் தொழிலாளி நம்பாமல் இருப்பது நியாயமே. நன்றி கடனை அடைக்காது. கடனை அடைத்த பிறகு சொல்லும் நன்றிக்குத்தான் மதிப்பு.

“எனக்கு எழுத வராதே”

பலரும் நன்றி சொல்லாமல் விடுவதற்குக் காரணம் மனமில்லாமை அல்ல, கூச்சம். அமெரிக்காவில் அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்து 2018ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். தமக்கு உதவிய ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதும்படி ஆட்களிடம் சொன்னார்கள். வாசிக்கிறவர் என்ன நினைப்பார் என்று எழுதியவரிடம் முன்கூட்டியே கேட்டார்கள். பிறகு கடிதம் கிடைத்தவரிடமும் கேட்டார்கள். எழுதியவர்கள் ‘அவருக்குச் சங்கடமாக இருக்கும்’ என்று அளவுக்கு மிஞ்சிப் பயந்திருந்தார்கள். அவருக்கு வரப்போகும் சந்தோசத்தைக் குறைத்து மதித்திருந்தார்கள். சரியான வார்த்தை வருமா என்று இவர்கள் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, கிடைத்தவர்கள் பார்த்ததோ அதில் இருந்த அன்பை.

ஆகவே எழுத்துப் பிழை பற்றிப் பயப்பட வேண்டாம். எழுதவே தெரியாதவர் போனில் குரலாகப் பேசி அனுப்பலாம். “மகன், நீ அனுப்பின காசுல கூரைக்கு ரெண்டு தகரம் மாத்தினோம், இந்த மழைக்கு என் படுக்கை நனையல” என்று ஓர் அம்மா சொன்னால், “காசு கெடைச்சுது, சந்தோசம்” என்பதைவிட மகனுக்கு அது நூறு மடங்கு. தன் உழைப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்று அவனுக்குத் தெரிகிறது. சிங்களம் பேசும் மருத்துவிச்சிக்கோ தாதிக்கோ சொல்லும்போதும் மொழி பெரிய தடை அல்ல. “போஹோம ஸ்துதி” என்று சொல்லி, அவர் பிரசவம் பார்த்த பிள்ளையைத் தூக்கிக் காட்டுங்கள். பிள்ளைதான் அங்கே விபரம்.

கருமாதிக் கார்டை என்ன செய்வது? அதில் உள்ள பொது நன்றி அப்படியே இருக்கட்டும். ஊர் முழுவதுக்கும் சொல்ல அது தேவை, பெயர் போடத் தொடங்கினால் யாராவது விடுபட்டு மனக்கசப்பு வரும். ஆனால் கார்டின் பின்பக்கம் பெரும்பாலும் வெறுமையாகத்தான் இருக்கும். உண்மையிலேயே தோள் கொடுத்த ஐந்தாறு பேருக்குக் கொடுக்கும் கார்டில் மட்டும், அந்தப் பக்கத்தில் பேனையால் ஒரு வரி எழுதுங்கள். அவர் செய்ததை, நடந்தபடி, வாயால் சொல்வதுபோலவே எழுதுங்கள். எழுதிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் நம்மிடம் வாருங்கள். வரும்போது நல்ல வார்த்தையை நம்மிடம் எதிர்பார்க்காமல், நடந்ததை ஞாபகப்படுத்திக்கொண்டு வந்தால் போதும்.